மெல்ல டீச்சர் சொன்ன கடைசி வாக்கியம்

எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் மெல்ல டீச்சர். படியிறங்கும்போது மெல்ல, தண்ணீர் குடிக்கும்போது மெல்ல, கோபம் வந்தாலும் மெல்ல. ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தச் சொல்லைச் சொல்வாரோ, கடவுளுக்குத்தான் தெரியும். அந்தப் பெயர் அவர் காதுக்கும் எட்டிவிட்டது. சிரித்துக்கொண்டு, "நல்லவேளை, இதோட விட்டாங்களே" என்றார்.

நான் துணி தைத்துப் பிழைக்கிறவள். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. என் வீட்டுக்காரர் சரக்கு வேன் ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே பெண், எட்டு வயது. வீட்டில் அவள் வாயை மூட வைப்பது கஷ்டம். தையல் மிஷினுக்கு அடியில் உட்கார்ந்து, விழுகிற துணித் துண்டுகளுக்கெல்லாம் பேர் வைத்து, அவற்றோடு ஓயாமல் பேசுவாள். ஆனால் பள்ளிக்கூட வாசலை மிதித்துவிட்டால் ஒரு சொல் வராது. ஆஜர் கூடச் சொல்ல மாட்டாள்.

போன வருஷம், இரண்டாம் வகுப்பில், அவளுக்கு மூன்று டீச்சர்கள் மாறினார்கள். ஒருவர் கல்யாணம் ஆகிப் போனார். இன்னொருவர் வேறு வேலை கிடைத்துப் போனார். மூன்றாமவர், "நீ வாயத் தொறக்குற வரைக்கும் நில்லு" என்று என் பெண்ணை ஒரு மத்தியானம் முழுக்க நிற்க வைத்தார். அன்றைக்கு அவள் வீட்டிலும் பேசவில்லை. ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகுதான், "அம்மா, தண்ணி" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

அதனால் இந்த வருஷம் மூன்றாம் வகுப்பு தொடங்கியபோது எல்லாப் பெற்றோர் மனதிலும் ஒரே எண்ணம்தான். டிசி வாங்கிவிடலாம். பக்கத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் அந்த மாதக் கடைசி வரை புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள், அதற்கு மேல் கதவு மூடிவிடும். என் வீட்டுக்காரர் அங்கே தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லியும் வைத்துவிட்டார். இது தெரிந்துதான் பள்ளிக்கூடத்துப் பெரிய மேடம், அதாவது தலைமை ஆசிரியை, பள்ளி திறந்த கொஞ்ச நாளிலேயே பெற்றோர் கூட்டத்தை வைத்தார்.

அந்தப் பள்ளிக்கூடத்துத் திரைச்சீலைகளை நான்தான் தைத்துக் கொடுப்பேன். கூட்டத்தன்று காலையில், மூன்றாம் வகுப்பு ஜன்னல்களுக்குத் திரை மாட்டக் கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டேன். மெல்ல டீச்சரை நான் முதலில் பார்த்தது அப்போதுதான். ஒல்லியான உருவம், காதோரம் நரை. தனியாளாக மேஜையைச் சுவரோரம் தள்ளிக்கொண்டிருந்தார். நான் போய் ஒரு கை கொடுத்தேன்.

"எதுக்கு டீச்சர் மேஜையை ஒதுக்குறீங்க? நீங்க எங்க உட்காருவீங்க?"

"மேஜைக்கு அந்தப் பக்கம் நான் உட்கார்ந்தா நான் டாக்டர், நீங்கள்லாம் நோயாளி மாதிரி ஆயிடும்மா. ஏற்கெனவே பயந்துபோய் வருவாங்க."

வரிசையாக இருந்த பெஞ்சுகளை வளைவாகப் போட்டார். ஒவ்வொரு இடத்திலும் ஒரு தாள் வைத்தார். பிள்ளைகள் தங்கள் முகத்தைத் தாங்களே வரைந்த படங்கள். அவரவர் பிள்ளை உட்காரும் இடத்தில் அவரவர் பெற்றோர் உட்கார வேண்டுமாம். என் பெண்ணின் படத்தைத் தேடிப் பார்த்தேன். கண், மூக்கு, காது, இரண்டு ஜடை எல்லாம் வரைந்திருந்தாள். வாய் மட்டும் இல்லை. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். "இவளோட அம்மாவா நீங்க?" என்று மட்டும் கேட்டார். படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பிடித்துப்போயிற்று.

நான் நாற்காலி மேல் ஏறித் திரை மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னலோரம் நின்று, தான் பேசப்போவதை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனையோ வருஷம் பாடம் நடத்தியிருப்பீங்க, இன்னும் ஒத்திகையா டீச்சர்?"

"ஒவ்வொரு வருஷமும் முதல் தடவை மாதிரிதாம்மா. என்னைப் பத்தி ஏழெட்டு நிமிஷம்தான் பேசணும். அதுக்கு மேல போனா அவங்க கடிகாரத்தைப் பார்ப்பாங்க. நான் யாருன்னு தெரிஞ்சுக்கவா வர்றாங்க? எம் பிள்ளையை நீ எப்படிப் பார்த்துக்குவேன்னு கேக்கத்தான் வர்றாங்க. அதனால என்னைப் பத்திச் சொல்ற ஒவ்வொண்ணும் அவங்க பிள்ளைகிட்டப் போய் முடியணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இன்னொண்ணும் வச்சிருக்கேன். என் கையால செய்ய முடியறதை மட்டும்தான் வாக்கா கொடுப்பேன். மார்க் வரும்னு சொல்ல மாட்டேன். ஏன்னா அது என் கையில மட்டும் இல்லை."

அந்த நேரம் பார்த்துப் பெரிய மேடம் உள்ளே வந்தார். நான் திரைக்குப் பின்னால் நாற்காலி மேல் நின்றதை அவர் கவனித்தாரோ என்னவோ. தையல்காரி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று நினைத்திருக்கலாம்.

"எல்லாம் நல்லாப் பேசுங்க டீச்சர். கடைசியா ஒரே ஒரு வாக்கியம் சேர்த்துக்கங்க. இந்த வருஷம் முழுக்க இந்த வகுப்போட நான்தான் இருப்பேன்னு."

"அது எப்படி மேடம் நான் சொல்றது? என்னை மாத்தறதும் மாத்தாததும் உங்க கையில இருக்கு."

"அதான் நானே சொல்றேனே. நான் இருக்கும்போது உங்களை யாரு மாத்தப்போறா?"

"நீங்களே வந்து சொல்லிடுங்களேன்."

"என் பேச்சை இனிமே அவங்க நம்புவாங்களா? போன வருஷம் நடந்ததுக்கு அப்புறம்? உங்க முகத்தைப் பார்த்தா நம்புவாங்க. எம் மேல நம்பிக்கை இல்லையா உங்களுக்கு?"

டீச்சர் பெஞ்சிலிருந்த ஒரு தாளை எடுத்து நேராக வைத்தார். பிறகு, "நீங்க வாக்குக் கொடுக்கறீங்களா மேடம்?" என்று கேட்டார்.

"கொடுத்தேன், போதுமா?" பெரிய மேடம் அவர் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கூட்டம் ஆரம்பித்தது. டீச்சர் உள்ளே உட்கார்ந்து யாரையும் எதிர்பார்க்கவில்லை. வாசலில் நின்றார். வருகிறவர்களிடம் பிள்ளையின் பெயரை மட்டும் கேட்டார். கேட்டதும் அந்தப் பிள்ளையிடம் தான் கண்ட ஒரு விஷயத்தைச் சொன்னார். "ஓ, பக்கத்துப் பையனுக்கு ரப்பர் இரவல் கொடுக்கிறவனா?" "ஜன்னலோரத்துப் புறாவை எண்றவளா?" முகத்தை இறுக்கிக்கொண்டு வந்தவர்கள்கூட உள்ளே நுழையும்போது கொஞ்சம் இளகிப்போனார்கள். பெரியவர்கள் அந்தக் குட்டிப் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்ததைப் பார்க்கச் சிரிப்பாக இருந்தது. பெற்றோரில் ஒருவர் மருந்துக்கடைக்காரர், பருத்த உடம்பு. "டீச்சர், இதுல உட்கார்ந்தா நானும் பெஞ்சும் ஒண்ணாத்தான் வீட்டுக்குப் போவோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் தன் நாற்காலியைத் தூக்கி அவரிடம் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

தன் பெயரையும், பள்ளிக்கூட வேலைக்கு வந்து எத்தனை வருஷம் என்பதையும் சொன்னார். அதற்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரியில் விசாரணை ஜன்னலில் உட்கார்ந்திருந்தாராம். "அங்க வர்றவங்க யாரும் நேரா கேள்வி கேக்க மாட்டாங்க. டாக்டர் எத்தனை மணிக்கு வருவார்னு கேப்பாங்க. உண்மையில கேக்க வந்தது, என் புருஷன் பிழைப்பாரான்னு. அதனால நீங்க ஹோம்வொர்க் எவ்வளவுன்னு கேட்டாலும், அதுக்குள்ள வேற கேள்வி இருக்கான்னு நான் பார்ப்பேன்." கல்யாணம் ஆகவில்லை என்றும், உடம்பு முடியாத அக்காவோடு இருப்பதாகவும் சொன்னார். "அதனால சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் எப்ப வேணா போன் பண்ணுங்க. அதுக்கு மேல அக்காவோட நேரம். அவசரம்னா மட்டும் கூப்பிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன்."

தனக்கு வராததையும் மறைக்கவில்லை. "எனக்குப் படம் வரையச் சுத்தமா வராது. நான் வரைஞ்ச பசுவைப் பார்த்துப் பிள்ளைங்க போன வருஷம் நாற்காலின்னு சொன்னாங்க. அந்தப் பாடத்துக்குப் பக்கத்து வகுப்பு டீச்சரைக் கூப்பிட்டுக்குவேன்."

பிறகு ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொன்னார். காலையில் வாசலில் நிற்பாராம். பிள்ளைகள் வணக்கம் சொல்லலாம், அவர் கையில் தட்டலாம், ஒன்றும் வேண்டாம் என்றால் சும்மா கண்ணைப் பார்த்துவிட்டு உள்ளே போகலாம், அதுவும் வணக்கம்தான். அதைக் கேட்டதும் என் கண் கலங்கியது. வீட்டுப் பாடம் பிள்ளை தனியாகச் செய்யக்கூடிய அளவுதான். "அரை மணி ஆகியும் முடியலேன்னா நிறுத்திடச் சொல்லுங்க. அழுதுக்கிட்டே எழுதின கணக்கு எனக்கு வேண்டாம். பிள்ளைக்குப் புரியலேன்னா அது என் வேலை, உங்க வேலை இல்லை." முதல் சில வாரத்துக்குள் எல்லா வீட்டுக்கும் ஒரு போன் வருமாம். குறை சொல்ல இல்லை, அவரவர் பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல சேதி சொல்ல. "அப்பதான் பின்னாடி ஒரு கஷ்டமான விஷயத்துக்கு நான் கூப்பிட்டாலும் என் நம்பரைப் பார்த்து உங்களுக்கு வயித்தைக் கலக்காது."

ஓர் அம்மா எழுந்து, "எம் பையன் பக்கத்துல உட்கார்ற பிள்ளை அடிக்கிறான் டீச்சர்" என்று ஆரம்பித்தார். டீச்சர் கையை மெல்ல உயர்த்தி, "அம்மா, எந்தப் பிள்ளையைப் பத்தியும் எல்லார் முன்னாடியும் நாம பேச வேண்டாம். உங்க பிள்ளையைப் பத்தியும் இன்னொருத்தர் பேசினா நான் இதையேதான் சொல்லுவேன். முடிஞ்சதும் உங்களோடதான் முதல்ல உட்காருவேன்" என்றார். அந்த அம்மா முகம் வாடவில்லை. தன் பிள்ளைக்கும் காவல் இருக்கிறது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"உங்ககிட்ட நான் கேக்கிறது ஒண்ணுதான். எம் மேல கோபம் வந்தா எங்கிட்ட முதல்ல சொல்லுங்க. பிள்ளை காதுபட என்னைத் திட்டாதீங்க. உங்களுக்கும் எனக்கும் நடுவுல நின்னு அது தவிச்சுப் போயிடும்."

அவ்வளவுதான், முடித்துவிட்டார். பெரிய மேடம் சொன்ன வாக்கியத்தை அவர் சொல்லவில்லை. பின்னால் நின்ற மேடம் தொண்டையைக் கனைத்தார். அதற்குள் மருந்துக்கடைக்காரர் கேட்டுவிட்டார்.

"எல்லாம் சரி டீச்சர். போன வருஷமும் இப்படித்தான் மூணு பேரு வந்து நல்லாப் பேசினாங்க. நீங்க எத்தனை நாளைக்கு?"

யாரும் வேறெதையும் கேட்க வந்ததாகத் தெரியவில்லை. டீச்சர் பின்னால் பார்த்தார். பெரிய மேடம் சிரித்துத் தலையை ஆட்டினார். டீச்சர் சொன்னார்:

"இந்த வருஷம் முடியற வரைக்கும் இந்த வகுப்போட நான்தான் இருப்பேன்."

பெஞ்சுகள் எல்லாம் ஒரேயடியாக முனகின. அத்தனை பேரும் சாய்ந்து உட்கார்ந்தார்கள் போலிருக்கிறது.

பிறகு ஒவ்வொருவராகத் தனியே பார்த்தார். என் முறை வந்தபோது நான் அழாமல் பேச நினைத்தேன், முடியவில்லை. போன வருஷம் நடந்ததைச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். முடிந்ததும், "வீட்ல எங்க உட்கார்ந்து நிறைய பேசுவா?" என்று கேட்டார்.

"மிஷினுக்கு அடியில டீச்சர்."

"அப்ப அவளுக்குக் குரல் இருக்கு. இங்க பயமா இருக்கு, அவ்வளவுதான். பேசுன்னு யாரும் சொல்ல வேண்டாம். இன்னிக்குப் பேசினியான்னு வீட்லயும் கேக்காதீங்க. சாயங்காலம் பிள்ளைங்க போனதும் நீங்களும் அவளும் இந்த அறையில கொஞ்ச நேரம் இருக்க முடியுமா? நான் ஓரமா திரும்பி உட்கார்ந்து நோட்டுத் திருத்துவேன். உங்களோட அவ பேசட்டும்."

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் எல்லாம் சொன்னேன்.

"அந்தப் பெரிய பள்ளிக்கூடத்துல சொல்லி வச்சிருக்கேனேம்மா, மாசக் கடைசிக்குள்ள சேர்க்கணும்."

"வேண்டாங்க. இந்த டீச்சர் சொன்னா சொன்னதுதான்."

"ஒரு நாள் பார்த்ததுக்கேவா?"

"ஒரு நாள் பார்த்ததுக்கேதான்."

"சரி, நீ சொல்றே" என்று விட்டுவிட்டார். நான் அதோடு நிற்கவில்லை. தைக்கக் கொடுக்க வந்த அம்மாக்களிடமெல்லாம் சொன்னேன். டிசி கேட்டு எழுதிக் கொடுத்திருந்த இரண்டு மூன்று பேர் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

சாயங்காலங்களில் நானும் என் பெண்ணும் அந்த அறையில் இருந்தோம். துணித் துண்டுகள் எடுத்துப் போவேன். முதலில் அவள் என் காதில் மட்டும் பேசினாள். டீச்சர் அறையின் அந்தக் கோடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு நாளும் நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே போட்டுக்கொள்வார், அதுவும் நாங்கள் வருவதற்கு முன்பே. அவள் பேச்சை நிறுத்தினால், மறுநாள் நாற்காலி பழைய இடத்துக்கே போய்விடும். அவசரமே கிடையாது அந்த அம்மாவுக்கு. சும்மாவா மெல்ல டீச்சர் என்றார்கள்! ஒரு கட்டத்தில் அவர் எங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார், என் பெண் என்னிடம் சத்தமாகவே பேசிக்கொண்டிருந்தாள். நான் மெதுவாக எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

சில நாள் கழித்து, மத்தியானம் போன் அடித்தது. டீச்சர் நம்பர்.

"நல்ல சேதிம்மா. இன்னிக்கு வகுப்புல, எல்லாரும் இருக்கும்போது, உங்க பொண்ணு எங்கிட்ட 'பென்சில்'னு சொன்னா."

மிஷினை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு கண்ணை மூடிக் கடவுளிடம் அந்த டீச்சருக்காக வேண்டினேன். சாயங்காலம் டீச்சர் சொன்னபடி, பெண்ணிடம் நான் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவளாகத்தான் சொன்னாள்: "பென்சில் மொனை ஒடஞ்சிடுச்சு, அதான்." ஏதோ தினமும் பேசுகிறவள் மாதிரி.

மாதம் முடிந்தது. பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கை மூடிவிட்டது. அதற்கு அடுத்த திங்கட்கிழமை பெண்ணை விடப் போனேன். வகுப்பு வாசலில் வேறு ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள். நேற்றுத்தான் படிப்பு முடித்தவள் போல் முகம். என் பெண் வழக்கம்போலக் கண்ணைப் பார்க்க நிமிர்ந்தாள். "குட்மார்னிங் சொல்லும்மா" என்றாள் அந்தப் புது டீச்சர். நல்ல மனதோடுதான் சொன்னாள், பாவம், அவளுக்கு என்ன தெரியும். என் பெண்ணின் கை என் கைக்குள் கல்லாகிவிட்டது.

சாயங்காலம் வாசலில் பெற்றோர் கூடிவிட்டார்கள். மெல்ல டீச்சரும் வந்திருந்தார். ஊரின் அந்தக் கோடியில் நிர்வாகம் புதிதாகத் திறந்த பள்ளிக்கு அவரை மாற்றிவிட்டார்களாம். அங்கே வேலை முடிந்து, பஸ் பிடித்து இங்கே வந்திருக்கிறார். வாசலுக்கு வெளியே சுவரோரம் நின்று, ஒவ்வொருவராக வருகிறவர்களிடம் சொன்னார்.

"நான் உங்ககிட்டக் கொடுத்த வாக்கு பொய்யாப் போச்சு. மன்னிச்சுக்கங்க."

காரணம் சொல்லவில்லை. பெரிய மேடம் பேரை எடுக்கவில்லை. யாராவது ஏன் என்று கேட்டால், "சொன்னது நான்தானே" என்றார்.

"அருமையாப் பேசினீங்க டீச்சர்" என்றார் மருந்துக்கடைக்காரர். "எங்களை உட்கார வச்சு, நாற்காலியெல்லாம் கொடுத்து. வசனம் எல்லாம் மனப்பாடம். எங்க கடையில வந்து நில்லுங்க, காலாவதியான மருந்தைக்கூட வித்துடலாம்."

சிலர் சிரித்தார்கள். டீச்சர் அந்தப் பேச்சை அப்படியே வாங்கிக்கொண்டார். சிலர் அவர் முகத்தைப் பார்க்காமலே பிள்ளையை இழுத்துக்கொண்டு போனார்கள். எனக்கும் மனதில் அவ்வளவு வருத்தம். திரைக்குப் பின்னால் நின்று அந்தப் பேச்சைக் கேட்டவள் நான், அப்படியிருந்தும் எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. இவருக்கும் தெரிந்துதான் இருந்ததோ? என் பெண் அவர் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தாள், மூடினாள். டீச்சர் குனிந்து அவள் கண்ணைப் பார்த்தார். "அதுவும் வணக்கம்தான்" என்றார். பஸ் வந்தது, போய்விட்டார்.

என் சந்தேகம் தீர்ந்தது பெரிய மேடத்தின் அறையில். புதுப் பள்ளியும் அவர் பொறுப்பில்தான், அங்கேயும் திரைச்சீலை வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார். துணியை மேஜையில் விரித்து அளவு பேசிக்கொண்டிருக்கும்போது, மனது பொறுக்காமல் கேட்டேன்.

"மேடம், அன்னிக்கு மெல்ல டீச்சருக்கு நீங்க வாக்குக் கொடுத்தீங்களே. திரை மாட்டும்போது நான் கேட்டேன்."

அவர் திடுக்கிடவில்லை. துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அதெல்லாம் அந்த நேரத்துக்குச் சொல்றதும்மா. புதுப் பள்ளிக்கூடம் திறக்கிறது அப்பவே முடிவாயிடுச்சு. அங்க வர்ற பெற்றோரை உட்கார வச்சுப் பேச அவங்களை விட்டா யாரு இருக்கா? ஆனா அதுவரைக்கும் இங்க யாரும் டிசி வாங்கிட்டுப் போயிடக் கூடாதே. மாசக் கடைசி தாண்டணும்."

"டீச்சருக்குத் தெரியுமா மேடம்?"

"தெரிஞ்சா அப்படிச் சொல்லுவாங்களா? அவங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா. அதான் அவங்க கிட்ட இருக்கற நல்லதே." பிறகு, "இந்தக் கலர் வெயிலுக்கு வெளுக்குமா?" என்று கேட்டார்.

வெளுக்காது என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் அந்தப் பேச்சுதான் காதில் கேட்டது. பொய் சொல்லத் தெரியாதவர் என்பதால்தான் அவரைச் சொல்ல வைத்திருக்கிறார்கள். மீன் பிடிக்கப் புழுவைக் கோர்க்கிறோமே, அந்தப் புழுவுக்குத் தெரியுமா? அதுவாகத்தான் டீச்சரை ஆக்கினார்கள். வாக்கை நம்பி மற்ற அம்மாக்களிடம் போய்ச் சொன்ன நானும் அந்தத் தூண்டிலில் கொஞ்சம் கயிறாகிவிட்டேன்.

அன்று ராத்திரி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "அந்தம்மாவையும் ஏமாத்திட்டாங்களா?" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கும் பெண்ணைப் பார்த்தார்.

திரைகளைத் தைத்து முடித்துப் புதுப் பள்ளிக்கு எடுத்துப் போன அன்று, அங்கே முதல் பெற்றோர் கூட்டம். பெயிண்ட் வாசம் போகாத அறை. மேஜை சுவரோரம் இருந்தது. பெஞ்சுகள் வளைவாக இருந்தன. ஒவ்வொரு இடத்திலும் ஒரு முகம் வரைந்த தாள். மெல்ல டீச்சர் வாசலில் நின்று பிள்ளைகளின் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தார். வேறு எதுவும் கேட்கவில்லை.

"பேசறாளா?"

அவரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லை டீச்சர்."

தலையை ஆட்டினார். அவர் கை என் கையிலிருந்த திரைத்துணியைப் பிடித்தது. பிறகு வேறு பெற்றோர் வந்தார்கள், டீச்சர் அவர்களிடம் போனார்.

நான் பின் ஜன்னலில் திரை மாட்டத் தொடங்கினேன். அவர் பேசினார். ஆஸ்பத்திரி ஜன்னல், அக்கா, ஏழு மணி, நாற்காலி மாதிரி இருந்த பசு, நல்ல சேதி. எல்லாம் அதேதான். ஆனால் எதுவும் மனப்பாடமாகக் கேட்கவில்லை. அவர் சொன்ன ஒவ்வொன்றையும் எங்கள் பள்ளிக்கூடத்தில் என் கண்ணால் நான் பார்த்தேனே. காலை வாசல், போன், நாற்காலி எல்லாம் சொன்னபடியே நடந்தன. அவர் கையில் இல்லாத அந்த ஒன்றைத் தவிர.

கடைசியில் முன்வரிசையில் ஒரு இளம் அப்பா கேட்டார். "வருஷம் முழுக்க நீங்கதான் இருப்பீங்களா டீச்சர்?"

பெரிய மேடம் எனக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அதே சிரிப்பு, அதே தலையாட்டல். டீச்சர் அவரைப் பார்த்தார். பிறகு அந்த அப்பாவைப் பார்த்துச் சொன்னார்:

"அது எனக்குத் தெரியாது சார். இங்க இருக்கிற ஒவ்வொரு நாளும் நான் சொன்னபடி இருப்பேன். எத்தனை நாள்னு நான் சொல்ல முடியாது."

அறையில் முணுமுணுப்பு எழுந்தது. முகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அப்போது பெரிய மேடம் முன்னால் போய், டீச்சரின் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்தார்.

"எங்க டீச்சருக்குத் தன்னடக்கம் ஜாஸ்தி. எங்க போகப்போறாங்க? வருஷம் முழுக்க இவங்கதான். அதுக்கு நான் பொறுப்பு."

பெஞ்சுகள் முனகின. அந்த அறையிலும் எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்தார்கள். சிலர் கைகூடத் தட்டினார்கள். டீச்சர் வாயைத் திறந்தார், மூடினார். என் பெண் அன்றைக்கு வாசலில் செய்தது மாதிரியே. சொல்ல வேண்டியதை அவர் சொல்லிவிட்டார். அதையும் மேடம் எடுத்துத் தனக்கு வேண்டிய மாதிரி தைத்துக்கொண்டார்.

பின் பெஞ்சில், கைக்குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"இப்பதான்க்கா மனசு நிம்மதியாச்சு. நல்ல டீச்சராத் தெரியறாங்க இல்ல?"

"நல்ல டீச்சர்தாம்மா. அவங்க சொல்றதை நம்பு." நாற்காலியிலிருந்து இறங்கி அவள் பக்கம் குனிந்தேன். "கடைசி வாக்கியம் யாரு சொன்னாங்கன்னு மட்டும் ஞாபகம் வச்சுக்க."

அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ. திரும்பி முன்னால் பார்த்தாள்.

தினமும் படுக்கும் முன் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோருக்காகவும் வேண்டிக்கொள்வது என் வழக்கம். மெல்ல டீச்சருக்காக, அவர் அக்காவுக்காக, அந்தப் புதுச் சின்ன டீச்சருக்காக, மருந்துக்கடைக்காரருக்காகக்கூட வேண்டுகிறேன். பெரிய மேடத்தின் முறை வரும்போது சொல் வரமாட்டேன் என்கிறது. தொண்டைவரை வந்து நிற்கிறது. பக்கத்தில் என் பெண் தூக்கத்தில் எதையோ சொல்கிறாள், துணித் துண்டுகளின் பேராக இருக்கும். பள்ளிக்கூடத்தில் அவளுக்கும் இப்படித்தான் நிற்கிறதோ என்று நினைத்துக்கொண்டு நானும் சும்மா படுத்திருக்கிறேன். பேசு பேசு என்று என்னை யாரும் வற்புறுத்தாமல் இருக்கட்டும், கடவுளும்தான்.